6 ஜிபி எங்கே போனது?

மாதத்துக்கு இவ்வளவு டேட்டாதான் என்று அளந்து தரும் பிளானில் இருப்பவர்கள், அது சீக்கிரம் தீர்ந்துபோனால் வீடியோ பார்த்ததைத்தான் முதலில் குறை சொல்வார்கள். ஆனால் போனைத் தொடாத நேரத்திலும் சில ஆப்கள் நெட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். எந்த ஆப் எவ்வளவு இழுத்தது என்பதை ஆண்ட்ராய்டு போனே குறித்து வைத்திருக்கிறது. அதற்கென்று தனி ஆப் எதுவும் வேண்டாம்.

செட்டிங்ஸில் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் data usage என்று தேடினால் அந்தப் பட்டியல் வந்துவிடும். பார்ப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலான போன்கள் கணக்கை மாதத்தின் 1ஆம் தேதியிலிருந்து தொடங்கும். அதை நீங்கள் ரீசார்ஜ் செய்த தேதிக்கு மாற்ற வேண்டும். பிரீபெய்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜூன் 3ஆம் தேதி போட்ட 28 நாள் பிளான் ஜூன் 30ஆம் தேதியே முடிந்துவிடும். போனோ ஜூலை 2 வரை பழைய கணக்கிலேயே கூட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு ரீசார்ஜின்போதும் தேதியைத் திருத்தினால்தான் கணக்கு சரியாக இருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 28 நாளுக்கு 6 ஜிபி. சீராகச் செலவானால் முதல் 10 நாளில் 2 ஜிபிக்குச் சற்று மேல் போயிருக்கலாம். ஆனால் 3.4 ஜிபி போய்விட்டது. பட்டியலில் யூடியூப் 1.2 ஜிபி, கூகுள் போட்டோஸ் 1.1 ஜிபி, வாட்ஸ்அப் 500 எம்பி, மற்றவை எல்லாம் சேர்ந்து 600 எம்பி.

இங்கே பலர் முதலில் இருக்கும் யூடியூப்பைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வோர் ஆப்பையும் தொட்டு உள்ளே போக வேண்டும். அங்கே Foreground, Background என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, ஆப் திரையில் திறந்திருந்தபோது செலவானது. இரண்டாவது, திறக்காதபோது செலவானது. யூடியூப்பின் 1.2 ஜிபியில் ஏறக்குறைய முழுவதும் முதல் வகை. அது நீங்களே பார்த்துச் செலவழித்தது. போட்டோஸில் முதல் வகை 20 எம்பிதான், மீதி 1.08 ஜிபி பின்னணியில் போனது. முழு எச்டியில் எடுக்கும் வீடியோ நிமிடத்துக்கு 130 எம்பி அளவில் வரும். கல்யாணத்தில் எடுத்த 8 நிமிட வீடியோ அசல் தரத்திலேயே பேக்கப் ஆனால் 1 ஜிபி தீர்ந்துவிடும். வாட்ஸ்அப்பிலும் 380 எம்பி பின்னணிக் கணக்கு. குரூப்களில் வரும் படங்களும் வீடியோக்களும் தாமாக டவுன்லோடு ஆனதுதான் காரணம்.

அதே பக்கத்தில் பின்னணி டேட்டாவை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறது. வாட்ஸ்அப்புக்கு அதை அணைத்தால், வைஃபை இல்லாத இடத்தில் ஆப்பைத் திறக்கும்வரை மெசேஜே வராமல் போகலாம். பணம் வந்ததைச் சொல்லும் ஆப்களுக்கும் அதே கதிதான். எனவே மருந்தை ஆப்புக்குள்ளேயே தேடுவது நல்லது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் Storage and data பகுதியில், மொபைல் டேட்டாவில் தாமாக டவுன்லோடு ஆவதை நிறுத்துங்கள். மெசேஜ் வழக்கம்போல் வரும், வேண்டிய படத்தைத் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். போட்டோஸின் பேக்கப் பகுதியில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். பிளே ஸ்டோரில் ஆப் அப்டேட்டை வைஃபைக்கு மட்டும் என்று வையுங்கள். பாட்டு ஆப்பில் பின்னணி எண் பெரிதாக இருந்தால் பதற வேண்டாம். திரையை அணைத்துவிட்டுக் கேட்ட பாட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

ஹாட்ஸ்பாட் பட்டியலில் தனி வரியாக வரும். அந்த எண் பெரிதாக இருந்தால் லேப்டாப்பைச் சந்தேகியுங்கள். உங்கள் போனிலிருந்து போகும் நெட்டைச் சாதாரண வைஃபை என்று நினைத்து, விண்டோஸ் தன் அப்டேட்டுகளை இறக்கத் தொடங்கிவிடும். லேப்டாப்பின் வைஃபை செட்டிங்ஸில் அந்த இணைப்புக்கு Metered connection என்பதை ஆன் செய்தால் பெரும்பாலான அப்டேட்டுகள் காத்திருக்கும்.

செய்த மாற்றம் பலித்ததா என்று ஒரே இரவில் தெரிந்துகொள்ளலாம். வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவை ஆனில் விட்டு, படுக்கும் முன் மொத்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் போனைப் பயன்படுத்தும் முன் மறுபடி பாருங்கள். சில எம்பி கூடியிருந்தால் இயல்பு. நூற்றுக்கணக்கில் கூடியிருந்தால், எந்த ஆப்பின் பின்னணி எண் ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

அதே இடத்தில் எச்சரிக்கை அளவும் வைக்கலாம், டேட்டா தானாக நிற்கும் வரம்பும் வைக்கலாம். போனின் கணக்கும் நிறுவனத்தின் கணக்கும் எம்பி பிசகாமல் ஒத்துப்போகாது, கட்டணம் நிறுவனத்தின் கணக்குப்படிதான். எனவே 6 ஜிபி பிளானுக்கு வரம்பை 5.7 அளவில் வையுங்கள்.