மைனஸ் நாலரை

அக்கா மகளுக்கு வயது 23. தை மாதம் கல்யாணம். "மாமா, அதுக்குள்ள லேசர் பண்ணிட்டுக் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டாள். கண் பரிசோதனையே என் தொழில் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் நாலரை. இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கையில் செல்போனைக் கொடுத்தேன். எழுத்து தெளியும் வரை முகத்தருகே கொண்டுவந்தாள். ஒரு சாண் தூரம். 100 சென்டிமீட்டரை நாலரையால் வகுத்தால் வரும் 22 சென்டிமீட்டர்தான் அது. அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் அவளுக்குக் கலங்கல். கண் கோளம் சற்று நீண்டு வளர்ந்துவிட்டதால், தூரத்துப் பொருளிலிருந்து வரும் ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடுகிறது. அந்தக் குவியலைப் பின்னுக்குத் தள்ளத்தான் மூன்று வழிகளும்.

கண்ணாடி கண்ணைத் தொடாமல் வேலை செய்கிறது. இந்தப் பவருக்குச் சின்ன ஃபிரேமாக எடுத்தால் ஓரம் தடிக்காது. லென்ஸின் மையம் கருமணிக்கு நேராக இருக்கவேண்டும் என்பதைத் தவிர பெரிய நிபந்தனை இல்லை.

கான்டாக்ட் லென்ஸ் கருவிழி மேலேயே உட்காருவதால் அதே கண்ணுக்கு மைனஸ் நாலேகால் போதும். கண்ணாடிச் சீட்டைக் காட்டி லென்ஸ் வாங்கக் கூடாது, தனியாக அளந்து பார்க்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நான் உண்மையிலேயே அஞ்சுவது தண்ணீருக்கு. குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவுவது, லென்ஸோடு குளிப்பது, அப்படியே தூங்கிவிடுவது ஆகியவை கருவிழியில் புண் வரக் காரணமாகின்றன. தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழிக்குள் போய்விட்டால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும், பார்வையே போகவும் கூடும். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் லென்ஸை அன்றே கழற்றி டாக்டரிடம் போகவேண்டும். அக்கா மகளுக்குத் தினமும் புதிதாகப் போட்டு இரவில் எறிந்துவிடும் லென்ஸைத்தான் சொன்னேன்.

இனி லேசர். கருவிழியின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தட்டையாக்கினால் ஒளி பின்னால் போய்க் குவியும். அதற்குச் சதையைச் செதுக்க வேண்டும், செதுக்கியது திரும்ப வளராது. ஆகவே முதலில் கணக்கு. அவளுடைய கருவிழியின் தடிமன் 510 மைக்ரான். லேசிக் முறையில் மேலே மூடி போலத் திறக்கும் படலம் சுமார் 110. நாலரைப் பவருக்குச் செதுக்குவது ஏறக்குறைய 65. மீதி 335. அடியில் குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது பழைய வரம்பு. 300 இருந்தால்தான் நிம்மதி என்பவர்கள் பலர். மெலிந்த கருவிழியைச் செதுக்கினால் அது நாளடைவில் கூம்பாகப் பிதுங்கிவிடலாம் என்பதால்தான் இவ்வளவு எச்சரிக்கை. இதை அளக்கும் ஸ்கேனுக்கு இரண்டு வாரம் முன்பே லென்ஸை நிறுத்தச் சொல்லியிருந்தேன். லென்ஸ் அழுத்திய கருவிழி பொய்யான வடிவத்தைக் காட்டும். ஸ்கேனில் வடிவமும் சீராகவே இருந்தது.

"அப்போ பண்ணலாம்ல?" என்றாள். பழைய சீட்டைக் கேட்டேன். போன வருடம் மூன்றே முக்கால். ஒரே வருடத்தில் முக்கால் டையாப்டர் ஏறியிருக்கிறது. வருடத்தில் அரைக்கு மேல் மாறும் கண்ணில் லேசர் செய்தால், இன்றைய பவர் போகும், நாளைக்கு ஏறப்போவது மறுபடி கண்ணாடியாக வரும். இந்த ஏற்றம் உண்மையானதுதானா, பக்கத்துத் திரையையே பார்த்துப் பார்த்து இறுகிய கண்தசையின் வேலையா என்று பார்க்கச் சொட்டு மருந்து விட்டு மறுபடி சோதித்தோம். மைனஸ் நாலரையேதான்.

கருவிழி சரி என்றது, பவர் பொறு என்றது. அவள் முகம் வாடியது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கல்யாணத் தேதிக்காக அந்தக் கண்ணைச் செதுக்கச் சம்மதிக்க என்னால் முடியவில்லை. மண்டபத்துக்கு லென்ஸ் போதும் என்றேன். ஓமப்புகைக்குக் கண் எரிந்தால் மாற்றிக்கொள்ளக் கண்ணாடி கைப்பையில் இருக்கட்டும்.

இன்னொன்றும் சொன்னேன். பின்னாளில் லேசர் செய்தாலும் கோளத்தின் நீளம் குறையாது, உள்ளே விழித்திரை இழுபட்டபடியேதான் இருக்கும். கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுந்தது போலிருந்தாலோ, அன்றே விழித்திரையைக் காட்டவேண்டும். செய்தபின் சில மாதம் கண் உலர்ந்து உறுத்தும், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். சிலருக்கு அது நீடிப்பதும் உண்டு. நாற்பதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி வந்தே தீரும்.

இரண்டு சீட்டையும் ஒன்றாகப் பின் அடித்து அவளிடம் கொடுத்தேன். அடுத்த வருடம் மூன்றாவது சீட்டோடு வருவாள். அதிலும் நாலரையே இருந்தால் லேசரைப் பற்றிப் பேசலாம்.