கடிகாரம் சுழியத்தைத் தொட்ட பிறகு

இணையக் கடைகளில் விலைக்குக் கீழே சிவப்பு எண்களில் ஓடும் கடிகாரம், பல தளங்களில் சலுகையோடு எந்தத் தொடர்பும் இல்லாதது. வாங்க வந்தவர் பக்கத்தைத் திறந்த நொடியில் பத்து நிமிடத்திலிருந்து இறங்கத் தொடங்கும் சிறிய நிரல் அது. சுழியத்தைத் தொட்டதும் மறைந்துவிடும், அல்லது மறுபடி பத்திலிருந்து ஓடும். விலை மட்டும் மாறாது. 2019இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சகாக்களும் ஏறத்தாழ 11,000 கடைத் தளங்களை அலசினார்கள். அவற்றில் கண்ட 393 கடிகாரங்களில் 157 இப்படிப்பட்ட பொய்க் கடிகாரங்கள்.

‘இன்னும் 3 மட்டுமே உள்ளன’ என்ற வரியும் கிடங்கின் இருப்புக் கணக்கைப் பார்த்து எழுதப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. கீழே உள்ள ஒரே வரி போதும். பக்கம் திறக்கும்போதெல்லாம் 2 முதல் 6 வரை ஏதோ ஓர் எண்ணை அது எடுத்துக் கொடுக்கும்.

```
Math.floor(Math.random() * 5) + 2
```

முன்பின் தெரியாத தளத்தில் இந்த அவசரம் கூடுதல் ஆபத்தானது. பழகிய கடையில் அவசரப்பட்டால் தேவையில்லாத ஒரு பொருள் வீட்டுக்கு வரும், பெரும்பாலும் அதைத் திருப்பி அனுப்பவும் முடியும். தெரியாத கடையில் வாங்குமுன் முகவரி, தொலைபேசி எண், திருப்பி அனுப்பும் விதிகள் ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும். அதற்குத் தேவைப்படும் பத்து நிமிடத்தைத்தான் கடிகாரம் பறித்துக்கொள்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. சமூக ஊடக விளம்பரத்தைத் தொட்டதும் ஒரு சேலைக் கடை திறக்கிறது. 4,999 ரூபாய் அடிக்கப்பட்டு 899 என்றிருக்கிறது. கடிகாரம் 09:58 காட்டுகிறது, சேலை மூன்றுதான் மீதம். முன்கூட்டியே பணம் செலுத்தினால் இன்னும் நூறு ரூபாய் குறையும் என்றும் எழுதியிருக்கிறது. முதலில் நேரத்தையும் விலையையும் திரைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிறகு அதே முகவரியை உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் திறக்க வேண்டும். அங்கே கடிகாரம் மறுபடி 09:58இல் தொடங்கினால், அது ஓடுவது சலுகையின் முடிவை நோக்கி அல்ல. உண்மையான சலுகை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முடியும். ‘ஞாயிறு இரவு 12 மணி வரை’ என்று தேதியும் நேரமும் போட்டிருக்கும்.

மறைநிலையிலும் கடிகாரம் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தால் அது மெய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சில தளங்கள் வருபவரின் இணைய இணைப்பைக் குறித்துவைத்துக்கொள்ளும். வீட்டு வைஃபையை விட்டு வேறொருவர் கைப்பேசியில், வேறு இணைப்பில் திறந்து பார்த்தால் இதுவும் தெரிந்துவிடும். எல்லாவற்றையும்விட எளிய சோதனை, ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது. கடிகாரம் முடிந்த பின்னும், மறுநாள் காலையிலும் சேலை 899க்கே கிடைத்தால் வேறு சான்று தேவையில்லை.

இருப்பு எண்ணையும் இப்படியே பரிசோதிக்கலாம். பக்கத்தை இரண்டு மூன்று முறை புதுப்பிக்கும்போது எண் 3, 5, 2 என்று ஏறி இறங்கினால் அது கணக்கல்ல. எல்லா நிறத்திலும் மூன்றே மீதம் என்பதும் நம்பத்தக்கதல்ல. கூடையில் 20 சேலை போட்டுப் பார்ப்பது இன்னும் தெளிவானது. மூன்றே இருக்கும் கடை நான்காவதை மறுக்க வேண்டும். இருபதையும் ஏற்றுக்கொண்டு மொத்த விலையைக் கூட்டிக் காட்டினால், மூன்று என்ற எண்ணுக்கும் அந்தக் கடையின் இருப்புக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இந்தச் சோதனைகள் அவசரம் பொய் என்பதைக் காட்டுமே தவிர, கடையே மோசடி என்று நிரூபிக்காது. பொருளை ஒழுங்காக அனுப்பும் சிறு கடைகள் சிலவும் ஆயத்தமாகக் கிடைக்கும் கடிகாரச் செருகிகளை வாங்கி ஒட்டிக்கொள்கின்றன. அதுவும் வாங்குபவரிடம் சொல்லும் பொய்தான். மறுபுறம், கடிகாரமே வைக்காத மோசடித் தளமும் உண்டு. ஆகவே கடிகாரம் பொய் என்று தெரிந்த பிறகும் முகவரியையும் விதிகளையும் சரிபார்க்கும் வேலை மீதமிருக்கிறது. அதை இப்போது நிதானமாகச் செய்யலாம். பொய்க் கடிகாரத்தோடு முகவரியும் இல்லாமல், தொடர்புக்கு ஒரு வாட்ஸ்அப் எண் மட்டும் இருந்தால் முன்பணம் செலுத்தவே கூடாது.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வாங்குபவரை ஏமாற்றும் 13 வடிவமைப்பு உத்திகளைப் பட்டியலிடுகின்றன. அவற்றில் பொய்யான அவசரமும் ஒன்று. இதைக் கடைப்பிடிக்காத கடைகளைப் பற்றி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பணம் கட்டிய பின் தளமே காணாமல் போயிருந்தால் அழைக்க வேண்டியது 1930, இணையவழிப் பண மோசடிக்கான எண். பணம் கைமாறிக்கொண்டே போகும் என்பதால், எவ்வளவு விரைவில் அழைக்கிறார்களோ அவ்வளவுக்கு அதை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். முன்பு எடுத்துவைத்த திரைப்படங்களும் பணம் செலுத்திய பரிவர்த்தனை எண்ணும் அப்போது கையில் இருக்க வேண்டும்.