மூன்று மாதம் பின்னோக்கி

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. காசநோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் குடும்பத்துக்குத் தொற்றிவிடாதா என்பதே கேள்வி. 193 நோயாளிகளில் பாதிப் பேருக்கு வீட்டில், மீதிப் பேருக்குச் சானடோரியத்தில், ஓராண்டுச் சிகிச்சை. இரு தரப்புக் குடும்பங்களையும் ஐந்தாண்டு கவனித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தில் நோய் கூடுதலாக வரவில்லை. தொற்றில் பெரும்பகுதி, நோய் தெரியாமல் இருமிக்கொண்டிருந்த வாரங்களிலேயே நடந்து முடிந்திருந்தது.

அதனால்தான் சுகாதாரப் பணியாளர் இன்றும் வீட்டின் நேற்றைத் தேடிப் போகிறார். ஓர் ஆட்டோ ஓட்டுநருக்குச் சளியில் கிருமி இருப்பது உறுதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். “வீட்டில் எத்தனை பேர்?” என்றால் ரேஷன் கார்டில் உள்ளவர்களைச் சொல்வார்கள்: மனைவி, மூன்று வயதுக் குழந்தை, சர்க்கரை நோயுள்ள அம்மா. “கடந்த மூன்று மாதத்தில் இங்கே யார் யார் படுத்தாங்க?” என்று கேட்டால்தான், இரண்டு மாதம் தங்கி வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய மச்சான் நினைவுக்கு வருவார்.

பணியாளர் ஒவ்வொருவரிடமும் இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை பற்றிக் கேட்கிறார். அம்மா “வயசானா இருமல் வராதா?” என்று தள்ளிவிடப் பார்க்கிறார். அவருக்குச் சளி டப்பா கொடுக்கப்படுகிறது. காலையில் எழுந்ததும் நெஞ்சின் ஆழத்திலிருந்து காறி எடுக்க வேண்டும். எச்சிலாக இருந்தால் கிருமி இருந்தும் தெரியாமல் போகலாம். குழந்தைக்குச் சளி துப்பத் தெரியாது. அங்கன்வாடி அட்டையில் எடை ஏறாமல் நின்றிருக்கிறதா, விளையாட்டு குறைந்ததா என்று பார்ப்பார்.

மனைவிக்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஆனாலும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். 2019–21 தேசியக் கணக்கெடுப்பில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் அறிகுறியே இல்லாமல் எக்ஸ்ரேயால் மட்டும் சிக்கியவர்கள். கேள்வி மட்டும் கேட்டுவிட்டு வந்திருந்தால் அவர்கள் விடுபட்டிருப்பார்கள்.

நோய் இல்லையென்று உறுதியானபின் தடுப்பு மருந்து: ஆறு மாதம் தினமும் ஐசோநியாசிட், அல்லது ரிஃபாபென்டினோடு சேர்த்து வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டு வேளை. இந்த வரிசை மாறக் கூடாது. நோய் மறைந்திருக்கும் உடலில் ஐசோநியாசிட் மட்டும் போனால், அதற்கு மசியாத கிருமிகளே மிஞ்சிப் பெருகும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாமதமும் கூடாது. மூளை உறைக்குப் பரவும் அபாயம் அந்த வயதில் அதிகம்.

சிக்கல் பெரும்பாலும் வாசலில்தான். ஆஸ்பத்திரி ஜீப் நின்றாலே தெரு பேசும் என்று கதவைச் சாத்துவார்கள். அனுபவமுள்ள பணியாளர் மாலையில், கையில் பை மட்டும் வைத்துக்கொண்டு, தனியாக வருவார். நல்ல உடம்புக்கு எதற்கு மாத்திரை என்று மனைவி நிறுத்திவிடவும் கூடும். அதனால் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பார்.

தொற்றியவர்களில் நோயாகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆகிவிடுகிறது. ஆகவே அதே வீட்டுக்கு அவர் மறுபடியும் வருவார், அதே நான்கு கேள்விகளோடு. அதற்குள் மச்சானின் பெயரும் செல்பேசி எண்ணும் அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கும்.