‘அப்பாடா’ என்று இருந்ததாகச் சொல்கிறவரிடம்

துக்கம் விசாரிக்கப் போகும்போது நம்மிடம் சில வாசகங்கள் தயாராக இருக்கும். ‘எப்படி ஆச்சு?’, ‘போன மாசம்கூடப் பார்த்தேனே’, ‘மனசைத் தேத்திக்கோ’. திடீரென்று நேர்ந்த சாவுக்கு இவை எப்படியோ பொருந்திவிடும். நாலு வருடம் படுக்கையில் கிடந்து கண்ணை மூடிய அம்மாவின் மகளிடம் இதில் ஒன்றும் ஒட்டாது. எப்படி ஆச்சு என்பது தெருவுக்கே தெரியும். அதனால் அடுத்த வாசகத்துக்குத் தாவுகிறோம்: ‘அவங்களுக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை.’

நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். இருந்தாலும் அதன் இரண்டாம் பாதியைக் கேட்டதும் அவள் முகம் சட்டென்று இறுகுவதைக் கவனித்திருக்கிறேன். யாருக்கும் தெரியக் கூடாதென்று அவள் உள்ளுக்குள் பொத்தி வைத்திருந்ததை, பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நாம் எடுத்துப் போட்டுவிடுகிறோம். அவள் சொல்லியிருந்தால் அது ஒப்புதல். நாம் முந்திக்கொண்டு சொன்னால் அவள் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும்.

அவளுக்கு நிம்மதி ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அவள் செய்த வேலை என்ன என்பது நமக்குத் தெரிய வேண்டும். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, விழுங்கும் திறனும் போய்விட்ட ஒருவரை வீட்டில் வைத்துப் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். சாப்பாடு மூக்குக் குழாய் வழியே போகும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கஞ்சியோ பாலோ ஒரு டம்ளர் அளவு. கொடுப்பதற்கு முன் குழாய் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொடுத்த பிறகு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் தலைப்பக்கம் உயர்த்தியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். இடுப்பெலும்பு முடியும் இடத்திலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் அந்தச் சிவப்பு மறைகிறதா என்று பார்ப்பார்கள். மறையவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டு மணிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை, வருடத்துக்கு 4,380 முறை. அதில் மூன்றில் ஒரு பங்கு இரவில். டயப்பர் மாற்றுவதையும், சிறுநீர்ப் பை நிறைந்ததா என்று பார்ப்பதையும், சளி கட்டினால் நடுராத்திரியில் ஆட்டோ தேடுவதையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

இத்தனையும் ஒரே நாளில் நின்றுபோகும்போது உடம்புக்கு வரும் தளர்ச்சிதான் அந்த ‘அப்பாடா’. மனசு அதற்கு அனுமதி கொடுத்ததா என்று உடம்பு காத்திருப்பதில்லை.

இது எங்கோ ஒரு கல்நெஞ்சக்காரருக்கு மட்டும் வரும் உணர்ச்சி இல்லை. 2003இல் ரிச்சர்ட் ஷுல்ஸும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழான ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசி’னில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மறதி நோயால் பாதிக்கப்பட்டவரை வீட்டில் வைத்துப் பார்த்து, பிறகு இழந்த 217 குடும்பத்தினரைப் பின்தொடர்ந்து கேட்ட ஆய்வு அது. நூற்றுக்கு 72 பேர் அந்தச் சாவு தங்களுக்கு நிம்மதியாக இருந்ததாகச் சொன்னார்கள். நோயாளிக்கு நிம்மதி என்று சொன்னவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். பாதிப்பேருக்கு மேல், இருபத்துநாலு மணி நேரமும் ‘டியூட்டியில்’ இருந்ததுபோல உணர்ந்திருந்தார்கள். வெளிநாட்டுக் கணக்குதான். ஆனால் வேலைக்கு ஆள் வைக்க முடியாத நம் வீடுகளில் இந்த எண் குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாய்விட்டுச் சொல்பவர்கள்தான் குறைவு.

என் தோழி ஒருத்தி, பள்ளி ஆசிரியை, அப்படி வாய்விட்டுச் சொன்னாள். காரியம் நடந்த அன்று சொல்லவில்லை. அன்று அவள் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளியூரில் இருந்து வந்த அண்ணன் சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதார். ‘பையன் எப்படி உருகுறான் பாரு, இவ கண்ணுல பொட்டுத் தண்ணி இல்லையே’ என்று ஓர் அத்தை முணுமுணுத்தது அவள் காதில் விழுந்திருக்கிறது. எனக்குக் கேட்டால் இந்த முணுமுணுப்பைப் போலக் கொடுமை வேறில்லை. அண்ணனுக்கு அன்றுதான் அம்மா இறந்தாள். தங்கைக்கோ, அம்மா தன் பெயரை மறந்த அன்று, முதல் தடவை குழாய் போட்ட அன்று, பேச்சு நின்ற அன்று என்று தவணை தவணையாக இறந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுது முடித்திருக்கிறாள்.

சாவுக்கு முன்பே இப்படித் துக்கப்பட்டு முடிப்பதை எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் 1944இலேயே எழுதியிருக்கிறார். போருக்குப் போன கணவன் திரும்பமாட்டான் என்று அஞ்சி உள்ளுக்குள் துக்கம் முழுவதையும் அனுபவித்துவிட்ட மனைவி, அவன் உயிரோடு வந்து நின்றபோது அன்பு காட்ட முடியாமல் விலகியதை அவர் குறிப்பிடுகிறார். முன்கூட்டி அழுதவர்களுக்குப் பின்னால் துக்கமே வராது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சாவு நடந்த நாளில் கண்ணீர் வராததை வைத்து யாருடைய பாசத்தையும் அளக்க முடியாது, அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு ஒரு மதியம் அவள் வீட்டுக்குப் போனபோதுதான் பேச்சு வந்தது.

“இன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு முழிச்சேன்டி. நல்லா இருந்துச்சு. அப்புறம்தான் ஏன் நல்லா இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு. நான் எல்லாம் ஒரு பொண்ணா?”

இந்த இடத்தில் நாம் பெரும்பாலும் செய்வது வாயை அடைப்பது. ‘சேச்சே, அப்படியெல்லாம் நினைக்காதே. உன்னை மாதிரி யார் பார்த்திருப்பா?’ பாராட்டு மாதிரி இருக்கும். ஆனால் ‘இதை என்னிடம் சொல்லாதே’ என்றுதான் அது அவளுக்குப் போய்ச் சேரும். அவள் மேலும் பேச மாட்டாள். நான் கேட்டது ஒரே கேள்விதான்: “எது இல்லாம இருக்கறது நல்லா இருக்கு?”

அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். ராத்திரி அலாரம். புண்ணுக்குக் கட்டுப் பிரிக்கும்போது அம்மா முகம் சுளிப்பது. போன் அடித்தாலே வயிற்றில் வரும் பயம். மாசக் கடைசியில் மருந்துக் கடைக் கணக்கு. சொல்லி முடித்ததும் தானாகவே சொன்னாள்: “அம்மா வேணும்டி. அது எதுவும் வேணாம்.”

எல்லோருக்கும் இப்படி அமையாது. குடித்துவிட்டு அடித்த அப்பாவைக் கடைசி வரை கழுவித் துடைத்த மகன்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நிம்மதியில் அந்த மனிதர் போனதும் சேர்ந்தே இருக்கும். அவரிடம் போய் ‘அப்பா மேல உனக்கு எவ்வளவு பாசம்’ என்று பூசி மெழுகாதீர்கள். ‘கஷ்டமான ஆளையும் விடாம பார்த்தீங்க’ என்றால் போதும், அது உண்மை.

குற்ற உணர்ச்சி என்று பொதுவாகச் சொன்னாலும், கிண்டிப் பார்த்தால் அதற்குள் குறிப்பான ஒரு சம்பவம் இருக்கும். அது எது என்று தெரியாமல் ஆறுதல் சொல்வது வீண். சிலருக்கு அது வேண்டுதல்: ‘சாமி, சீக்கிரம் கூட்டிட்டுப் போயிடு’ என்று கேட்டது. அந்த வேண்டுதலைப் பல வீடுகளில் நோயாளியேதான் முதலில் வேண்டியிருப்பார். அதை நினைவுபடுத்தலாம், நோய் முடிய வேண்டும் என்று கேட்டதற்கு வேறு வார்த்தை அவளுக்குக் கிடைக்கவில்லை.

சிலருக்கு அது ஒரு ராத்திரி. மாற்றிய உடனே மறுபடி படுக்கை நனைந்துவிட, கத்திவிட்டாள். கையைக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இழுத்துவிட்டாள். இங்கே ‘நீ அப்படிச் செஞ்சிருக்க மாட்டே’ என்று மறுக்கக் கூடாது. அவள் செய்தாள், அவளுக்குத் தெரியும். முழுவதையும் சொல்ல விடுங்கள். அதற்கு முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று கேளுங்கள். கத்திய பிறகு என்ன செய்தாள் என்றும் கேளுங்கள். பெரும்பாலும், துணி மாற்றி, பவுடர் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருப்பாள். அவள் நினைவில் கத்தல் மட்டும் தங்கி, மற்றது உதிர்ந்துவிட்டது.

மூன்றாவது வகை கனமானது. ‘வென்டிலேட்டர் வேணாம்னு கையெழுத்துப் போட்டேன். போட்டிருந்தா இருந்திருப்பாங்களோ?’ இதற்கு நண்பர் பதில் சொல்லக் கூடாது, எவ்வளவு நம்பிக்கையாகத் தோன்றினாலும். பார்த்த டாக்டரிடம் நேரம் வாங்கி, டிஸ்சார்ஜ் காகிதங்களோடு கூடவே போய் உட்காருங்கள். இழுத்துப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் வாயால் கேட்டால்தான் அந்தக் கேள்வி அடங்கும்.

நிம்மதி வந்துபோன பிறகு வரும் வெறுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல வருடம் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்தவருக்கு, எழுப்ப யாரும் இல்லாமலே விழிப்பு வரும். பகலில் கை சும்மா இருக்கும். இந்தச் சமயத்தில் பேச்சைவிட வேலை உதவும். காற்றுப் படுக்கையைக் கழுவி, தேவைப்படும் வேறொரு வீட்டுக்குக் கொண்டுபோவது, வாடகைக் கட்டிலைத் திருப்பிக் கொடுப்பது, பிரிக்காத டயப்பர் பாக்கெட்டுகளை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பது. ‘எடுத்துட்டுப் போகட்டுமா, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா?’ என்று கேட்டுவிட்டே செய்யுங்கள். நமக்குக் கண்ணுக்கு உறுத்தலாக இருக்கும் அந்தக் கட்டில் அவளுக்கு இன்னும் அம்மா படுத்த இடம்.

பெரும்பாலானவர்கள் மாதங்கள் போகப் போகத் தேறிவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் அன்றாட வேலைகூட ஓடாதபடி துக்கம் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தால் அதை நீடித்த துக்கம் என்று தனி நோயாகவே உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய கட்டம் அது. ‘நானும் கூடவே போயிருக்கணும்’ என்று சொன்னால் மட்டும் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும், தமிழிலேயே, கட்டணமில்லாமல் பேசலாம்.

உங்கள் வட்டத்தில் இப்படி ஒருவர் இருந்தால், முதல் நாள் கூட்டத்தில் தலையைக் காட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் தனியாகப் போங்கள். போவதற்கு முன் ஒரு போன் செய்துகொள்ளுங்கள். தூங்கிக்கொண்டிருந்தால், எழுப்ப வேண்டாம் என்று வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம்.