அந்தப் பதிலில் ‘இல்லை’ எங்கே இருந்தது?

சாமுவேல் பிரான்ஸ்டன் பெரிய படங்களாகவே எடுத்தவர். ஸ்பெயினில் அரங்கம் போட்டு, ஆயிரக்கணக்கில் துணை நடிகர்களை நிறுத்தி, 1961-இல் ‘எல் சிட்’ என்ற சரித்திரப் படத்தை வெளியிட்டார். 1964-இல் வந்த ‘தி ஃபால் ஆஃப் தி ரோமன் எம்பயர்’ போட்ட பணத்தை எடுக்கவில்லை. அதே ஆண்டு அவருடைய கம்பெனி கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் நியூயார்க்கில் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டு மனுப் போட்டது. பணம் எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, 1966 ஜூனில் அவரைச் சத்தியப் பிரமாணம் செய்யவைத்து விசாரித்தார்கள். கடன் கொடுத்தவர்களில் ஒருவரின் வக்கீல் கேள்வி கேட்டார்.

“சுவிஸ் வங்கிகளில் உங்களுக்குக் கணக்கு ஏதாவது இருக்கிறதா, மிஸ்டர் பிரான்ஸ்டன்?”

“இல்லை, சார்.”

“எப்போதாவது இருந்ததா?”

“கம்பெனிக்கு அங்கே சுமார் ஆறு மாதம் ஒரு கணக்கு இருந்தது, சூரிக்கில்.”

வக்கீல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பிரான்ஸ்டனுக்காக வேறு யாராவது பினாமியாக சுவிஸ் வங்கியில் கணக்கு வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். “இல்லை, சார்.” எப்போதாவது வைத்திருந்தார்களா? “இல்லை, சார்.”

உண்மை பிறகுதான் வெளியே வந்தது. 1959 அக்டோபர் முதல் 1964 ஜூன் வரை, ஏறக்குறைய ஐந்தாண்டு காலம், ஜெனீவா வங்கி ஒன்றில் பிரான்ஸ்டன் தன் சொந்தப் பெயரிலேயே கணக்கு வைத்திருந்தார். அதில் புழங்கிய தொகை 1,80,000 டாலருக்கு மேல். விசாரணை நடந்த நாளில் அந்தக் கணக்கு மூடப்பட்டிருந்ததால் முதல் கேள்விக்குச் சொன்ன ‘இல்லை’ உண்மை. கம்பெனிக்கு சூரிக்கில் கணக்கு இருந்ததும் உண்மை. அவர் சொன்ன வார்த்தைகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் ‘சொந்தக் கணக்கு இருந்ததே இல்லை’ என்று புரிந்துகொண்டார்கள். பொய்ச்சாட்சி சொன்னார் என்று அவர்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

கேட்டவர்கள் மனத்தில் அந்த ‘இல்லை’ எப்படி முளைத்தது? பிரிட்டனில் பிறந்த தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1967-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். அதன் முக்கியப் பகுதி 1975-இல் அச்சில் வந்தது. பேச்சு என்பது இருவர் சேர்ந்து செய்கிற வேலை என்பது அவர் பிடித்துக்கொண்ட நுனி. கேட்டதற்குத் தேவையான அளவு சொல்வார், உண்மையைச் சொல்வார், சம்பந்தமுள்ளதைச் சொல்வார், குழப்பாமல் சொல்வார் என்று எதிரில் இருப்பவரைப் பற்றி நாம் முன்கூட்டியே நம்பிக்கொள்கிறோம். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் சொல்லாததையும் நம்மால் கணக்கிட முடிகிறது.

தையல்கடையில் ஒரு பெண் கேட்கிறார்: “ஜாக்கெட்டும் பாவாடையும் தைச்சாச்சா அண்ணே?” அவர் சொல்கிறார்: “ஜாக்கெட் தைச்சாச்சும்மா.” பாவாடை இன்னும் ஆகவில்லை என்று அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிடுகிறது. பாவாடையும் முடிந்திருந்தால் ‘ஆச்சும்மா’ என்ற ஒரே சொல் போதும். அதை விட்டு ஜாக்கெட்டை மட்டும் பிரித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். தைத்தவருக்கு விவரம் தெரியாமல் இருக்காது. ஆகவே மற்றது முடியவில்லை. இத்தனை படிகளையும் ஒரு நொடிக்குள் ஏறிவிடுகிறோம்.

பிரான்ஸ்டனின் பதிலையும் இதே வழியில் கணக்கிட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு எப்போதாவது கணக்கு இருந்ததா என்றதற்கு ‘இருந்தது’ என்றோ ‘இல்லை’ என்றோ அவரால் சொல்லியிருக்க முடியும். கம்பெனியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததை வலிய எடுத்துச் சொல்கிறார் என்றால், கேட்டதற்கு மிக நெருக்கமாகத் தன்னிடம் இருப்பது அதுதான் என்று காட்டுகிறார். சொந்தக் கணக்கு இருந்திருந்தால் அதைத்தானே முதலில் சொல்வார்? ஆகவே இல்லை.

இப்படிக் கணக்கிட்டு அடைகிற பொருளைச் சொல்லின் நேர்ப்பொருளிலிருந்து பிரித்துக் காட்ட கிரைஸ் ஒரு சோதனை வைத்தார். சொன்னவரே முரண்படாமல் அதை ரத்து செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். “கம்பெனிக்குக் கணக்கு இருந்தது, என் பெயரிலும் இருந்தது” என்று பிரான்ஸ்டன் தொடர்ந்திருந்தால் அதில் முரண்பாடு இல்லை. “எனக்கு இருந்ததில்லை, என் பெயரில் இருந்தது” என்று ஒருவர் சொன்னால் அது முன்னுக்குப் பின் முரண். ரத்து செய்யக் கூடியது குறிப்பு, செய்ய முடியாதது கூற்று. ஏமாற்ற நினைப்பவருக்கு இந்த இடைவெளிதான் ஒளிவிடம். மாட்டிக்கொண்டால் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று சொல்லிவிடலாம்.

குறிப்பைப் பிடிப்பது கேட்பவர் தன் பங்குக்குச் செய்கிற தனி வேலை என்பதற்குச் சோதனையில் கிடைத்த சான்றும் உண்டு. ஐரா நோவெக் என்ற ஆய்வாளர் பிரெஞ்சுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. ‘சில ஒட்டகச்சிவிங்கிகளுக்குக் கழுத்து நீளம்’ என்பது போன்ற வாக்கியங்களைச் சொல்லி, சரியா என்று கேட்டார். ‘சில’ என்றால் ‘எல்லாம் அல்ல’ என்று எடுத்துக்கொண்டு பெரியவர்களில் பலர் தவறு என்றார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பத்துக்கு ஒன்பது தடவை சரி என்றே சொன்னார்கள். தர்க்கப்படி அவர்கள் சொன்னது சரியான பதில்தான். ‘எல்லாம் அல்ல’ என்பதைப் பெரியவர்கள்தான் கூட்டிக்கொள்கிறார்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இந்த இடத்தைத்தான் பிடித்தது. 1973 ஜனவரியில் நீதிபதிகள் ஒருமனதாகத் தண்டனையை ரத்து செய்தார்கள். தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: சாதாரணப் பேச்சில் அப்படிப்பட்ட பதிலிலிருந்து ‘இல்லை’ என்று ஊகிப்பது நியாயமாக இருக்கலாம். ஆனால் தான் உண்மை என்று நம்பாததைக் கூறுவதைத்தான் சட்டம் குற்றம் என்கிறது, உணர்த்துவதை அல்ல. பிரான்ஸ்டன் கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. சாட்சி நழுவுகிறார் என்பதைக் கவனித்து அவரைக் கேள்விக்குத் திருப்பிக் கொண்டுவருவது வக்கீலின் வேலை.

‘பதிலே சொல்லவில்லை’ என்ற இடத்தில் தமிழ் இலக்கணம் படித்தவருக்கு ஒரு மறுப்பு எழும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூல் விடைகளை எட்டாக வகுக்கிறது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படையான விடைகள். மற்ற ஐந்தும் கேட்டதற்கு நேராக அமையாமல், ஆனாலும் விடையைத் தருபவை. ‘கல்யாணத்துக்கு வருவாயா?’ என்று கேட்டால் ‘வராமல் இருப்பேனா?’ என்று திருப்பிக் கேட்பது வினா எதிர் வினாதல். ‘காய்ச்சல் வந்துவிட்டது’ என்பது உற்றது உரைத்தல். ‘வந்தால் காய்ச்சல் கூடும்’ என்பது உறுவது கூறல். ‘வரவேற்புக்கு வருவேன்’ என்றால் அது இனமொழி. கேட்ட பொருளை விட்டு அதற்கு இனமான இன்னொன்றைச் சொல்லி, கேட்டது இல்லை என்று உணர்த்துவது. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த ‘ஆடுவாயா?’ ‘பாடுவேன்’ இதற்கு உதாரணம்.

பிரான்ஸ்டன் சொன்னது அச்சு அசலான இனமொழி விடை. சொந்தக் கணக்கைக் கேட்டார்கள், அதற்கு இனமான கம்பெனிக் கணக்கைச் சொன்னார். பவணந்தியின் கணக்கில் இதுவும் முழு விடை, அதன் பொருள் ‘இல்லை’. மொழியைப் பொறுத்தவரை நன்னூல்தான் சரி என்பது என் எண்ணம். அந்த வக்கீல் அதை விடையாக ஏற்றுக்கொண்டதால்தானே பினாமிக்குப் போனார்? அங்கே ‘இல்லை, சார்’ என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லத் தெரிந்தவர், அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும் இடத்தில் மட்டும் கம்பெனியை இழுத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் தண்டனை கொடுப்பது வேறு விஷயம். அதில் நீதிமன்றத்தின் பக்கம்தான் நான் நிற்பேன். கூண்டில் நிற்கும் எல்லோரும் தந்திரக்காரர்கள் இல்லை. கேள்வி சரியாகக் காதில் விழாதவர் உண்டு. பயத்தில் சம்பந்தமில்லாமல் பேசுபவர் உண்டு. விசாரணை கம்பெனியைப் பற்றியது என்பதால் ‘உங்களுக்கு’ என்றதைக் கம்பெனியையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன் என்று ஒருவர் உண்மையாகவே சொல்லலாம். குறிப்பு கேட்பவரின் கணக்கில் பிறப்பது. அந்தக் கணக்கு தப்பானால் அதற்குச் சொன்னவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது. போதாக்குறைக்கு, கிரைஸ் சொன்ன கணக்கு முழுதும் எதிரில் இருப்பவர் ஒத்துழைக்கிறார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. கடன்காரரின் வக்கீலுக்குக் கடனாளி மனமுவந்து ஒத்துழைப்பார் என்று நம்ப என்ன காரணம் இருந்தது?

எல்லாக் குறிப்புக்கும் இந்தச் சலுகை கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விசாரணை நீதிபதி நடுவர் குழுவுக்கு ஒரு உதாரணம் சொல்லியிருந்தார். அன்றைக்குக் கடைக்கு எத்தனை முறை போனீர்கள் என்று கேட்டதற்கு, ஐம்பது முறை போன ஒருவர் ‘ஐந்து’ என்கிறார். ஐம்பது முறை போனவர் ஐந்து முறையும் போயிருப்பாரே, அது உண்மைதானே? உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஒப்பவில்லை. எண்ணிக்கையைக் கேட்ட கேள்விக்குக் குறைத்துச் சொன்னால் அதை உண்மை என்று பெயரளவில்கூடச் சொல்ல முடியுமா என்று சந்தேகப்பட்டது. இந்த வேறுபாடு சரியாகவே படுகிறது. ‘எத்தனை’ என்ற கேள்விக்கு வரும் எண், ‘மொத்தம் இவ்வளவு’ என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அங்கே கேட்பவர் தாண்ட வேண்டிய தூரம் மிகக் குறைவு. கம்பெனிக் கணக்கிலிருந்து சொந்தக் கணக்குக்குப் போக அவர் நடுவில் ஒரு பாலமே கட்ட வேண்டியிருக்கிறது.

அந்த வக்கீல் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: “கம்பெனியை விடுங்கள், உங்கள் சொந்தப் பெயரில் எப்போதாவது இருந்ததா?” அதற்குமேல் பிரான்ஸ்டனுக்கு உண்மையைச் சொல்வது, பொய் சொல்வது, பதில் சொல்ல மறுப்பது என்று மூன்று வழிகள்தான். குறிப்பு வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் இருக்கிறது. கேட்ட சொல் பதிலில் காணாமல் போயிருக்கும், கேட்காத ஒன்று அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

இதே அடையாளம் நீதிமன்றத்துக்கு வெளியே, ஏமாற்றும் எண்ணமே இல்லாத இடங்களிலும் தென்படும். “பிரஷர் மாத்திரை தவறாம சாப்பிடுறீங்களாம்மா?” என்று டாக்டர் கேட்கிறார். “சுகர் மாத்திரையை ஒருநாள்கூட விட்டதில்லை சார்” என்கிறார் அந்த அம்மா. பிரஷர் மாத்திரை தீர்ந்துபோய் வாங்காமல் விட்டதைச் சொல்லக் கூச்சம். நல்ல டாக்டர் குறிப்பைப் பிடித்துக்கொள்வார். ஆனாலும் அதை வைத்து மருந்தின் அளவை மாற்றமாட்டார். “சரிம்மா, சுகர் மாத்திரை சரி. பிரஷர் மாத்திரை கடைசியா என்னைக்குப் போட்டீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டை எழுதுவார்.