கழித்தல் செய்யாத குற்றம்

பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரம் பலருக்கு இன்றும் நாக்கு நுனியில் இருக்கும்.

`x = (-b ± √(b² - 4ac)) / 2a`

கணிதமாகப் பார்த்தால் இதில் குறையே கிடையாது. ஆனால் அப்படியே கணினிக்குக் கொடுத்தால், சில சமன்பாடுகளுக்கு இரண்டு மூலங்களில் ஒன்று சரியாகவும் மற்றொன்று கூசாமல் தப்பாகவும் வரும்.

காகிதத்திலேயே செய்து பார்க்கலாம். சமன்பாடு `x² - 800x + 1 = 0`. நம்மிடம் இருக்கும் கணிப்பான் எந்த எண்ணையும் ஆறு இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது என்று கொள்வோம். `b² - 4ac` என்பது 639996. இதில் பிசகு இல்லை. அதன் வர்க்கமூலம் 799.9974999... என்று நீளும். கணிப்பான் அதை 799.997 என்று நறுக்கிக்கொள்கிறது. இனி 800-லிருந்து அதைக் கழித்தால் 0.003, பாதியாக்கினால் 0.0015. உண்மையான விடையோ 0.00125. இருபது சதவீதம் பிழை!

பழி வழக்கமாகக் கழித்தல் மீது விழும். ஆனால் 800-லிருந்து 799.997 போனால் மீதி 0.003தான். அதில் அணுவளவும் தப்பில்லை. தப்பு அதற்கு முன்பே, வர்க்கமூலத்தை நறுக்கியபோது நடந்துவிட்டது. அப்போது தொலைந்தது 0.0005. எண்ணூறுக்கு முன்னால் அது தூசு. கழித்தபோது பொதுவாக இருந்த பெரிய பகுதி அடிபட்டுப் போய், மிஞ்சியது 0.0025 மட்டுமே. அதற்கு முன்னால் 0.0005 என்பது ஐந்தில் ஒரு பங்கு. மூக்குத்தியின் எடையை அறிய, அதை லாரியில் வைத்து ஒருமுறையும் எடுத்துவிட்டு ஒருமுறையும் எடைமேடையில் நிறுத்திக் கழித்துப் பார்ப்பது மாதிரிதான் இது.

அப்படியானால் வழி, அந்தக் கழித்தலுக்கு வேலையே வைக்காமல் இருப்பது. இரண்டு மூலங்களில் பெரியதற்குக் கூட்டல்தான் வருகிறது: 800-ம் 799.997-ம் சேர்ந்து 1599.997. ஆறு இலக்கத்தில் அது 1600.00, பாதி 800.000. உண்மை விடை 799.99875, ஆறு இலக்கக் கணிப்பானிடம் இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. சிறிய மூலத்துக்கு, அதே வகுப்பில் படித்த இன்னொரு பாடம் கைகொடுக்கிறது. மூலங்களின் பெருக்கற்பலன் `c/a`. இங்கே அது 1. ஆகவே 1-ஐ 800-ஆல் வகுத்தால் 0.00125. ஆறு இலக்கமும் சரி. கணிப்பானும் அதேதான், சமன்பாடும் அதேதான். வரிசை மட்டும்தான் மாறியது.

கணினி ஏறக்குறைய பதினாறு இலக்கம் வைத்துக்கொள்கிறதே, அதற்கு இந்தக் கவலை எதற்கு என்று தோன்றலாம். `x² - 100000000x + 1 = 0` என்று கொடுத்துப் பாருங்கள். சிறிய மூலம் 0.00000001 வரவேண்டும். பள்ளிச் சூத்திரம் தருவதோ `7.450580596923828e-09`. கால் பங்கு காணாமல் போயிருக்கிறது. எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராது. பதினாறு இலக்கமும் கம்பீரமாக நிற்கும். `b²` மற்றதைவிட எவ்வளவு பெரிதோ, சேதமும் அவ்வளவு பெரிது.

தப்பைக் கண்டுபிடிக்க மூலங்களின் கூடுதலைச் சரிபார்த்துப் பயனில்லை. சிறிய மூலம் என்னவாக இருந்தாலும் கூடுதல் 800-ஐ ஒட்டியே நிற்கும். பெருக்கிப் பாருங்கள்: 800 × 0.0015 = 1.2. ஒன்று வரவேண்டிய இடத்தில் ஒன்றேகால் பக்கம் வந்தால் விஷயம் அம்பலம்.

நிரலில் எழுதும்போது `b`-யின் குறியைப் பார்த்து, எந்தப் பக்கம் கூட்டல் வருமோ அந்தப் பக்கம் போகவேண்டும். பைத்தானில்:

```python
import math
def roots(a, b, c):
    d = math.sqrt(b*b - 4*a*c)
    q = -(b + math.copysign(d, b)) / 2
    return q/a, c/q
```

`copysign` என்பது `d`-க்கு `b`-யின் குறியை ஒட்டிவிடுகிறது. அதனால் இரண்டும் எப்போதும் ஒரே திசையில் சேரும். `b`, `c` இரண்டும் பூஜ்யமானால் `q`-வும் பூஜ்யமாகிவிடும். அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜார்ஜ் ஃபோர்சைத் 1970-லேயே இந்தச் சமன்பாட்டை உதாரணம் காட்டி, கணிதப் புத்தகம் மட்டும் போதாது என்று கட்டுரை எழுதியவர்.

இன்னொரு கழித்தல் வர்க்கமூலத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. இரண்டு மூலங்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது `b²`-ம் `4ac`-யும் நெருங்கிவிடும். பெருக்கும்போது நறுக்கப்பட்டது அங்கே தலைதூக்கும். பதினாறு இலக்கத்தில் பாதி வரை போகலாம். மேலே சொன்ன உபாயம் இதற்கு உதவாது. அந்த இரண்டு பெருக்கலையும் கழித்தலையும் மட்டும் இரட்டிப்பு இலக்கத்தில் செய்துகொள்வதுதான் வழி.