தொழில்நுட்பத் தமிழில் எண்ணும் அளவைக் குறியும்: சேத்தூர் நில ஆவணத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு

தமிழில் தொழில்நுட்ப ஆவணம் எழுதுவோர் முன் இரண்டு வினாக்கள் எழுகின்றன. எண்களைத் தமிழ்க் குறியால் எழுதுவதா, 1, 2, 3 என்னும் உருவால் எழுதுவதா என்பது ஒன்று. மீட்டர், கிலோகிராம் முதலிய அளவைகளின் குறியைத் தமிழெழுத்தில் சுருக்குவதா, உலக வழக்கிலுள்ள குறியையே கொள்வதா என்பது மற்றொன்று. இவ்வினாக்களை மொழிப்பற்றின் அளவுகோலால் மட்டும் அளத்தல் பெருவழக்கு. நாம் ஈண்டு வேறோர் அளவுகோலைக் கொள்வோம். ஒரு குறி தன்னை அடுத்து நிற்கும் குறியோடு மயங்குமா, மயங்காதா என்பதே அது.

ஆய்வுக்கு எடுத்துக்காட்டாகச் சேத்தூரைக் கொள்ளலாம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இராசபாளையத்தை அடுத்துள்ள இவ்வூர் பழைய பாளையங்களுள் ஒன்று; பின்னர் ஜமீனாக விளங்கியது. திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்திருந்து, 1910இல் இராமநாதபுர மாவட்டத்தின்பாற்பட்டு, 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தில் அமைந்துள்ளது. ஜமீன் முறையை ஒழித்த சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. ஆகவே இத்தகைய ஊரின் நிலத்தை ஆராய்வோர் இருவகை எழுத்து முறைகளை எதிர்கொள்ள நேரிடும். பழைய ஏடுகளும் பத்திரங்களும் தமிழெண்ணிலும் கோட்டை, மரக்கால் விதைப்பாட்டிலும் அளவு கூறுவன. இன்றைய பட்டாவோ புல எண், உட்பிரிவு, ஹெக்டேர், ஏர் என்னும் கூறுகளால் ஆகியது.

இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து அறிக்கை எழுதும் ஒருவர், இன்றைய அளவையும் தமிழெண்ணிலேயே தருவதாகக் கொள்வோம். புல எண் 45. உட்பிரிவு 2அ1 என்க. புலமொன்றைப் பிரிக்குங்கால் எண்ணும் எழுத்தும் மாறிமாறி வருதல் நில அளவைத் துறையின் வழக்கம். இதனை அவர் ௪௫/௨அ௧ என்று எழுதுவார். படிப்பவர் கண்ணுக்கு அது ௪௫/௨௮௧ என்றும் தோன்றும். முன்னது இரண்டாம் உட்பிரிவின் 'அ' பகுதியில் முதற்கூறு. பின்னது இருநூற்றெண்பத்தொன்றாம் உட்பிரிவு. அகரத்திற்கும் எட்டிற்கும் உருவம் ஏறக்குறைய ஒன்றாதலின், ஒருவருடைய நிலம் மற்றொருவருடையதாகப் படிக்கப்படும் இடர் ஈண்டு உண்டாகிறது. இம்மயக்கம் எட்டோடு நிற்பதன்று. ஒன்று ககரத்தையும், இரண்டு உகரத்தையும், நான்கு சகரத்தையும், ஏழு எகரத்தையும் ஒத்து நிற்கின்றன. அ, உ, க என்று புள்ளிகளுக்குப் பெயரிட்ட வரைபடங்களிலும் இத்தொல்லை நேரும்.

பழையோர் இவ்விடர்ப்பாட்டை அத்துணை உணராமைக்குக் காரணம் உண்டு. அவர்கள் இருநூற்றெண்பத்தொன்றை ௨௱௮௰௧ என்று எழுதினர். நூற்றுக்கும் பத்துக்கும் உரிய குறிகள் இடையிடையே நின்று, இஃது எண்ணே என்று உணர்த்தின. சுழியத்தோடு கூடிய இடமதிப்பு முறையைத் தமிழெண்ணிற்கு ஏற்றியபோது அவ்விடைக்குறிகள் நீங்கின. அவற்றோடு அக்காப்பும் நீங்கிற்று. எனவே இன்று தமிழெண்ணில் எழுதுவோர் பழைய முறையையும் முழுமையாகக் கொள்வதில்லை. புதிய முறையின் தெளிவையும் எய்துவதில்லை.

கணினியில் இதே மயக்கம் மறைமுகமாக அமைகிறது. ஒருங்குறியில் எண் எட்டு U+0BEE, அகரம் U+0B85. திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் பொறிக்கு அவை வெவ்வேறு. எண்ணுக்கு மாற்றாக எழுத்தைத் தட்டியவரின் ஆவணத்தில் அவ்வெண்ணைத் தேடினால் கிடைக்காது. கூட்டல் கழித்தலும் நடவாது. பிழையைக் கண்ணால் காணவியலாமையின், ஐயம் எழுந்தவிடத்து அக்குறியின் எண்மதிப்பை நோக்குதலே அறியும் வழி.

இனிப் பின்னங்களை நோக்குவோம். மேற்கூறிய நிலத்தின் பரப்பு 0.345 ஹெக்டேர் என்க. தமிழ்ப் பின்னவாய்பாட்டில் இதனைக் கால், ஒரு மா, முக்காணி, அரைக்காணி எனக் கூட்டினால் 0.34375 வரும். எஞ்சியது 0.00125. அதனைக் கீழ்க்கால், கீழ் மும்மா என்னும் கீழ்வாய்ப் பின்னங்களால் பிழையின்றி நிரப்பலாம். ஆகவே பழைய வாய்பாடு துல்லியமற்றது என்பார் கூற்றுப் பொருந்தாது. உண்மை யாதெனின், அது முந்திரியாகிய 320இல் ஒரு பங்கை அடியாகக் கொண்டது. மெட்ரிக் அளவையோ பத்தை அடியாகக் கொண்டது. மூன்று இலக்கத்தில் முடியும் ஓரளவு ஆறு பின்னங்களாக விரிவது இவ்வடி வேற்றுமையால் நேர்ந்தது. 0.345 ஹெக்டேர் 3450 சதுர மீட்டர் என்பது புள்ளியை நகர்த்திய அளவிலே விளங்கும். ஆறு பின்னங்களிலிருந்து அதனை உடனே காணல் அரிது.

எனினும் 1, 2, 3 என்னும் உருவை மேற்கொண்ட அளவில் எல்லாம் தெளிவாகிவிடும் என்று கொள்ளற்க. பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் தனித்தனியே குறிக்கப்படுதலின், அவ்விரண்டையும் ஒருங்கே 0.34.50 என்று எழுதுவாரும் உளர். இதன் முதற்புள்ளி, ஹெக்டேரை ஏரினின்று பிரிக்கும் எல்லைக்குறி, இரண்டாவதே பதின்மப்புள்ளி. நூறு ஏர் ஒரு ஹெக்டேராதலின் இவ்வெண் 0.3450 ஹெக்டேர் என்றே முடியும். ஆனால் நான்கரை ஏர் நிலத்தை 0.04.50 என்னாது 0.4.50 என்று ஒருவர் எழுதிவிடின், படிப்பவர் 0.45 ஹெக்டேர் என்று கொள்வார். 450 சதுர மீட்டர் 4500 ஆகிவிடும். ஓர் எண்ணில் ஒரு புள்ளியே வரவேண்டும்; ஓரளவுக்கு ஓர் அலகே வரவேண்டும் என்பது இதனாற் பெறும் விதி.

அளவைக் குறிகளுக்கு வருவோம். உலக அளவை முறையில் kg, mm என்பன சொற்சுருக்கங்கள் அல்ல, கணிதக் குறிகள். ஆதலின் அவற்றின்பின் சுருக்கப்புள்ளி இல்லை. பன்மை உருவும் இல்லை. எண்ணுக்கும் குறிக்கும் இடையே ஓரிடைவெளி உண்டு. தம் எழுத்திலேயே குறிகளை வகுத்துக்கொண்ட மொழிகளும் உள. உருசிய மொழி அதற்குச் சான்று. தமிழிலும் அவ்வாறு வகுக்கலாகாதோ எனின், வகுக்கலாம். ஆயின் இன்று வழங்கும் சுருக்கங்கள் அந்நிலையை எய்தவில்லை. 'கி.கி.' என்பதில் முதற் 'கி' ஆயிரத்தைக் குறிக்கிறது. அடுத்த 'கி' கிராமைக் குறிக்கிறது. 'மி.மீ.' என்பதில் மில்லிக்கும் மீட்டருக்கும் உள்ள வேறுபாடு உயிர்க்குறியின் குறில் நெடில் அளவே. சிற்றச்சிலும் மங்கிய படியிலும் அது புலனாகாது. ஒருவர் கையாளும் சுருக்கத்தை மற்றொருவர் கையாளுவதும் இல்லை.

தமிழுக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. நம் மொழியில் வேற்றுமையுருபு பெயரோடு ஒட்டி நிற்கும். '3450 m²-இல்' என்னுங்கால் குறியும் உருபும் கோட்டால் பிணைக்கப்பட்டு, அக்கோடு கழித்தற்குறியோ என ஐயுறச் செய்கிறது. ஆகவே தொடர்நடையில் '3450 சதுர மீட்டரில்' என அலகின் பெயரை முழுதும் எழுதி உருபேற்றுதலும், அட்டவணையிலும் சமன்பாட்டிலும் 3450 m² என உருபின்றி நிறுத்துதலும் தக்கன. இவ்வாறு பிரித்தால் உரைநடை தமிழாகவே இருக்கும், கணக்கும் மயங்காது.

தமிழெண்ணுக்கு இடமே இல்லையோ எனின், அன்று. பழம்பத்திரத்தைப் படியெடுக்குமிடத்து மூலத்தின் எண்ணையும் பின்னத்தையும் அளவையின் பெயரையும் உள்ளவாறே தருதல் கடமை. அவற்றின் மதிப்பை அடுத்த பத்தியில் இன்றைய எண்ணில் தரலாம். 'இரண்டு கோட்டை விதைப்பாடு' என்பதை ஹெக்டேராக மாற்றி மூலத்தை நீக்கிவிடின், மாற்றியவர் கொண்ட வாய்பாடு சரியோ என்று பின்வருவோர் ஆராயும் வழி அடைபடும். முகவுரையின் பக்க எண், இயற்பகுப்பின் எண் போல எழுத்தோடு கலவாமல் தனித்து நிற்குமிடங்களிலும் தமிழெண் தடையின்றி வழங்கும். எழுத்தும் அலகும் புள்ளியும் எண்ணோடு நெருங்கி நிற்குமிடத்து மட்டும் 1, 2, 3 என்னும் உருவே ஏற்றது. அவ்வுருவும் இந்திய எண்ணினின்று அராபியர் வழிப் பரவியதே. அரசியலமைப்பின் 343ஆம் பிரிவும் அதனை 'இந்திய எண்களின் பன்னாட்டு வடிவம்' என்றே குறிக்கின்றது.